அந்த ஒரு கணினிக்கு மட்டும் 20 எம்பிபிஎஸ்

கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்லோடுக்கும் டவுன்லோடுக்கும் தலா 40 எம்பிபிஎஸ் தரும் ஃபைபர் இணைப்பு. மனைவிக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை, பகல் பாதி வீடியோ காலில் போகிறது. மகனுக்கு மாலையில் ஆன்லைன் டியூஷன். வாசலில் ஒரு சிசிடிவி கேமரா. மாடி அறையில் எடிட்டிங் கணினி. முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் காலை அந்தக் கணினியிலிருந்து 60 ஜிபி வீடியோவை கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிப்பார். பத்து நிமிடத்தில் கீழேயிருந்து குரல் வரும்: “ஏங்க, மறுபடியும் அப்லோடா? மேனேஜர் பேசுறது பாதி கேக்கல.”

உடனே ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிளான் போதவில்லை, 100-க்கு மாற்றலாம் என்று முடிவெடுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. மாற்றினாலும் பழைய கதைதான் தொடரும். பெரிய கோப்பை அனுப்பும் கணினி, எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும். 40 இருந்தால் 40, 100 இருந்தால் 100. அப்லோட் சீக்கிரம் முடியுமே தவிர, ஓடுகிற நேரம் முழுக்க மற்றவர்களுக்கு மூச்சு முட்டும். இங்கே செய்ய வேண்டியது, அந்த ஒரு கணினிக்கு மட்டும் ரவுட்டரில் ஒரு உச்சவரம்பு வைப்பது. வேலை ஐந்து நிமிடம்தான். ஆனால் வைத்த வரம்பு உண்மையிலேயே பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். வரம்பு போட்டும் பயனில்லை என்று சொல்கிறவர்களில் பலருடைய ரவுட்டரில், போட்ட வரம்பின் வழியாக ஒரு பாக்கெட்கூடப் போயிருக்காது.

முதலில் ஏன் மூச்சு முட்டுகிறது என்று பார்க்கலாம். இணையத்தில் பெரிய கோப்புகளைச் சுமக்கும் டிசிபி நெறிமுறைக்கு, லைனின் வேகம் என்ன என்று யாரும் சொல்வதில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். எங்காவது ஒரு பாக்கெட் தொலைந்தால், அதிகமாகிவிட்டது என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். மறுபடியும் கூட்டும். இந்த ஏற்பாடு சரியாக நடக்க வேண்டுமானால், நெரிசல் வந்தவுடன் பாக்கெட் தொலைய வேண்டும். ஆனால் மோடம், ரவுட்டர் தயாரிப்பவர்கள் பாக்கெட் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பெரிய நினைவகத்தை வைத்து, அனுப்ப முடியாததையெல்லாம் அதில் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். எதுவும் தொலையாததால் கணினியும் குறைப்பதில்லை. வரிசை நீண்டுகொண்டே போகிறது.

ரேஷன் கடையில் ஒரே ஆள் ஐம்பது கார்டை வைத்துக்கொண்டு முன்னால் நின்றால், பின்னால் ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்தவர் என்ன பாடுபடுவாரோ, அதுதான் வீடியோ காலின் நிலை. அதன் பாக்கெட்கள் எண்ணிக்கையில் குறைவு. கேட்பதும் மூன்று நான்கு எம்பிபிஎஸ்தான். ஆனால் அவை அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரிசையில் ஒரு மெகாபைட் நிற்கிறது என்றால் அது 8 மெகாபிட். 40 எம்பிபிஎஸ் லைனில் அது கரைய 0.2 நொடி ஆகும். அப்லோட் வெறும் 5 எம்பிபிஎஸ் உள்ள பழைய இணைப்பில் அதே வரிசை கரைய 1.6 நொடி. பேச்சில் ஒவ்வொரு சொல்லும் ஒன்றரை நொடி தாமதமாகப் போனால் உரையாடல் எப்படி நடக்கும்?

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அப்லோட் நிறைந்தால் டவுன்லோடும் படுத்துவிடும். யூடியூபிலிருந்து வீடியோ வரும்போது, ‘வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு’ என்ற சிறு ஒப்புதல் பாக்கெட்கள் நம் வீட்டிலிருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவையும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. ஒப்புதல் தாமதமானால் அனுப்புகிறவர் காத்திருப்பார். அதனால்தான் மாடியில் ஏற்றுமதி நடக்கும்போது கீழே டிவியில் சக்கரம் சுற்றுகிறது. டவுன்லோட் பக்கம் காலியாகத்தான் இருக்கும், ஆனாலும் எதுவும் வராது.

2010 வாக்கில் அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே இந்தக் கோளாறைப் பார்த்துத் துருவ ஆரம்பித்த பிறகுதான் துறை இதைப் பெரிதாகப் பேசியது. பஃபர்புளோட் என்று பெயரும் வந்தது. 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்த்து, தேவைப்பட்டால் வேண்டுமென்றே ஒன்றைத் தூக்கிப் போடும் முறை அது. அதன் வழி வந்த எஃப்க்யூ-கோடெல் இன்று லினக்ஸ் சார்ந்த ரவுட்டர்களில் பரவலாக இருக்கிறது. பின்னால் நமக்கு அது தேவைப்படும்.

நோயை உறுதி செய்ய ஒரு சோதனை போதும். வேறொரு லேப்டாப்பில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் வெளியே இருக்கும் முகவரிக்கும், மற்றொன்றில் ரவுட்டருக்கும் பிங் ஓட விடுங்கள். விண்டோஸில்:

```
ping -t 8.8.8.8
ping -t 192.168.88.1
```

இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது மாடிக் கணினியில் அப்லோடைத் தொடங்குங்கள். வெளி முகவரியின் பிங் 15 மில்லிநொடியிலிருந்து 250-க்குத் தாவி, ரவுட்டரின் பிங் இரண்டு மூன்றிலேயே நின்றால், லைனில்தான் வரிசை. வரம்பு வைத்தால் சரியாகும். ரவுட்டரின் பிங்கே நூறு, இருநூறு என்று ஆடினால் கோளாறு வைஃபையில் இருக்கிறது. தூரத்து அறையில் பலவீனமான சிக்னலில் தொங்கும் கருவி, கொஞ்சம் டேட்டாவை அனுப்பவே வைஃபையின் நேரத்தையெல்லாம் தின்றுகொண்டிருக்கும். அதற்கு மருந்து ஒரு லேன் கேபிள். ரவுட்டரில் எந்த எண்ணைப் போட்டாலும் அது தீராது.

நோய் லைனில்தான் என்று தெரிந்த பிறகும், ரவுட்டரைத் தொடும் முன் அப்லோட் செய்யும் செயலியிலேயே வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் டிரைவின் கணினிச் செயலியிலும் ஒன்டிரைவிலும் அந்த வசதி உண்டு. குற்றவாளி அந்த ஒரு செயலிதான் என்றால் அங்கேயே முடித்துவிடலாம். அங்கே எண்ணை நொடிக்கு இத்தனை கிலோபைட் என்று கேட்பார்கள், கிலோபிட் அல்ல. 20 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 2,500 கிலோபைட். ஆனால் நம் வீடியோக்காரர் ஒரு வாடிக்கையாளருக்கு டிரைவிலும், இன்னொருவருக்கு பிரவுசர் வழியாகவும் அனுப்புகிறார். பிரவுசருக்கு அப்படி ஒரு நிரந்தர வரம்பு வைக்க வழியில்லை. எனவே ரவுட்டர்.

இணைப்போடு வரும் பெட்டியில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அரைகுறையாக இருக்கும். தனியாக வாங்கும் சில ரவுட்டர்களில் ‘Bandwidth Control’ என்று ஒரு பக்கம் உண்டு. கருவியின் முகவரியையும் இரண்டு எண்களையும் கேட்கும். நான் இங்கே மைக்ரோடிக்கை எடுத்துக்கொள்கிறேன். லாட்விய நிறுவனம் தயாரிக்கும் இந்த ரவுட்டரில் உள்ளே நடப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எது எங்கே தவறும் என்பதைக் காட்ட அது வசதி. மற்ற ரவுட்டர்களில் திரை மாறுமே தவிர, தவறும் இடங்கள் இவையேதான்.

எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது? பலர் லைனின் பாதி என்று குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். மற்றவர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, மீதியை இந்தக் கணினிக்குக் கொடுப்பதே சரி. நம் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு வீடியோ கால் நடக்கலாம், ஒன்றுக்கு 4 என்று 8. கேமராவுக்கு 2. டவுன்லோடின் ஒப்புதல் பாக்கெட்கள், போன்களின் சில்லறை வேலைகள் இவற்றுக்கு 3. ஆக 13, கைகாவலாக 15 என்று வைத்துக்கொள்வோம். லைன் பக்கம் 40 என்று விளம்பரத்தில் இருப்பதை நம்ப வேண்டாம். காலை, மதியம், இரவு எட்டு மணி என்று சில நாள் அளந்து, கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். அது 36 என்றால், 36-லிருந்து 15 போக 21. வரம்பு 20.

இதனால் எடிட்டருக்கு என்ன நஷ்டம் என்றும் கணக்குப் பார்த்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அவர் இரண்டாம் நாளே வரம்பை எடுத்துவிடுவார். 60 ஜிபி என்பது 4,80,000 மெகாபிட். 36-ல் முழு வீச்சில் போனால் ஏறத்தாழ 3 மணி 42 நிமிடம். 20-ல் போனால் 6 மணி 40 நிமிடம். மூன்று மணி நேரம் கூடுதல். காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் முடிந்துவிடும். எவரும் மாடிப்படி ஏறி வந்து சண்டை போட வேண்டியதில்லை.

இனி வேலை. முதலில் அந்தக் கணினிக்கு மாறாத முகவரி வேண்டும். ரவுட்டர் தினம் ஒரு ஐபி முகவரியைக் கொடுத்தால் வரம்பு யார் தலையிலோ போய் விழும். WinBox செயலியில் டிஹெச்சிபி லீஸ் பட்டியலைத் திறந்து, கணினியின் வரியைத் தேர்ந்தெடுத்து ‘Make Static’ என்று கொடுத்தால் போதும். இங்கே முகவரி 192.168.88.50 என்று கொள்வோம். ரவுட்டர் கணினியை அடையாளம் காண்பது அதன் மேக் முகவரியை வைத்து. லேன் கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறு மேக். கேபிளைப் பிடுங்கி வைஃபைக்கு மாறினால் ரவுட்டருக்கு அது புது ஆள். போன்களில் இன்னும் சிக்கல். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக்கைக் காட்டுகின்றன. வரம்பு வைக்கப்போவது ஒரு போனுக்கு என்றால், அதில் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த ஏற்பாட்டை அணைத்துவிட வேண்டும்.

அடுத்து வரம்பு. மைக்ரோடிக்கில் ஒரே வரி:

```
/queue simple
add name=studio-pc target=192.168.88.50/32 max-limit=20M/30M
```

`max-limit`-ல் முதல் எண் அப்லோட், இரண்டாவது டவுன்லோட். அந்தக் கணினியின் கண்ணோட்டத்தில். இதை மாற்றிப் போட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய. 20M என்பது நொடிக்கு 20 மெகாபிட். கணினித் திரையில் அதே வேகம் நொடிக்கு 2.5 மெகாபைட் என்று தெரியும், பயப்பட வேண்டாம்.

இந்த இரண்டு எண்களும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அப்லோடில் பாக்கெட் நம் ரவுட்டரைத் தாண்டித்தான் லைனுக்குப் போக வேண்டும். எனவே ரவுட்டர் நிறுத்தினால் நிற்கும். 20 என்றால் 20-தான். டவுன்லோடில் பாக்கெட் ஏற்கெனவே லைனைக் கடந்து நம் வாசலுக்கு வந்துவிட்டது. ரவுட்டரால் முடிந்ததெல்லாம் அதைத் தாமதப்படுத்துவது, அல்லது தூக்கிப் போடுவது. அதைக் கண்டு எங்கோ இருக்கும் சர்வர் வேகத்தைக் குறைக்க வேண்டும். நல்ல சர்வர்கள் குறைக்கும், ஆனால் ஒரு கணம் பின்தங்கித்தான். டவுன்லோட் பக்கத்தில் இடைவெளியைத் தாராளமாக விட வேண்டியதற்கு அதுவே காரணம். நாற்பதில் 38 என்று போட்டால் பெயருக்குத்தான் வரம்பு.

எல்லாம் சரி, அப்லோடை ஓட விட்டால் வேகம் இன்னும் 36-லேயே நிற்கிறது. இது முக்கால்வாசிப் பேருக்கு நடக்கும். WinBox-ல் Queues சாளரத்தைத் திறந்து `studio-pc` வரியைப் பாருங்கள். வரம்பில் பாதி வரை பயன்பட்டால் அதன் சின்னம் பச்சை, முக்கால் வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. அப்லோட் முழு வேகத்தில் ஓடும்போது அது பச்சையாகவே இருந்து, பைட் எண்ணிக்கையும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றால், பாக்கெட்கள் வேறு வழியாகப் போகின்றன என்று அர்த்தம். வேறு வழிகள் மூன்று.

முதல் சந்தேகம் FastTrack மேல் விழ வேண்டும். மைக்ரோடிக்கின் ஆரம்ப அமைப்பிலேயே இந்த விதி இருக்கிறது. ஏற்கெனவே பேசத் தொடங்கிவிட்ட இணைப்புகளின் பாக்கெட்களை ஃபயர்வால், வரிசை எதையும் பார்க்காமல் நேராக அனுப்பிவிடும். சின்ன ரவுட்டரின் பிராசஸருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் நாம் போட்ட வரம்பும் அந்தப் ‘பார்க்க வேண்டாம்’ பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. வேறு ரவுட்டர்களில் இதையே ஹார்டுவேர் ஆஃப்லோடு, ஹார்டுவேர் நாட் என்று பல பெயர்களில் காணலாம். விதியையே அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். நான் அதை விரும்புவதில்லை. அணைத்தால் வீட்டின் மொத்தப் போக்குவரத்தும் பிராசஸர் தலையில் ஏறும். ஒரு கணினிக்காக எல்லாரையும் அந்த வழியில் விடுவானேன்? அந்த ஒரு முகவரியை மட்டும் விலக்கினால் போதும்:

```
/ip firewall filter
set [find action=fasttrack-connection] \
  src-address=!192.168.88.50 dst-address=!192.168.88.50
```

ஆச்சரியக்குறி ‘இதைத் தவிர’ என்று சொல்கிறது. போகும் திசை, வரும் திசை இரண்டிலும் விலக்க வேண்டும். ஒன்றை மட்டும் விலக்கினால், மறு திசையில் வரும் முதல் பதில் பாக்கெட்டே அந்த இணைப்பை மறுபடி FastTrack-ல் சேர்த்துவிடும். இன்னொன்று, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்லோட் பழைய வழியிலேயே தொடரும். அதை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், அல்லது ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இரண்டாவது வழி ஐபி வி6. நாம் வரம்பு வைத்தது 192.168.88.50 என்ற ஐபி வி4 முகவரிக்கு. இணைப்பில் ஐபி வி6-ம் இருந்தால் கணினிக்கு நீளமான வேறு முகவரிகளும் இருக்கும். கூகுள் போன்ற பெரிய சேவைகள் அதை முதலில் பிடித்துக்கொள்ளும். விளைவு வேடிக்கையானது: ஏதோ ஒரு சின்ன நிறுவனத்தின் தளத்துக்கு ஏற்றும்போது வரம்பு பிடிக்கும், கூகுள் டிரைவுக்கு ஏற்றும்போது பிடிக்காது. அந்த மாதிரி ஆள் பார்த்து வேலை செய்தால் ஐபி வி6-ஐ நோக்கி விரல் நீட்டலாம். வி6 முகவரியையும் வரம்பில் சேர்க்கலாம்தான், ஆனால் கணினி தன் அந்தரங்கத்துக்காக அதை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒரு கணினியின் நெட்வொர்க் அமைப்பில் ஐபி வி6-க்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுவது நடைமுறைக்கு எளிது. சுத்தமான வழி என்றால், அந்தக் கணினிக்குத் தனி போர்ட், தனி நெட்வொர்க் கொடுத்து, அந்த நெட்வொர்க்குக்கே வரம்பு வைக்கலாம். பொறுமை உள்ளவர்களுக்கு.

மூன்றாவது வழி எல்லாவற்றையும்விட எளிமையானது, அதனாலேயே கண்ணில் படாதது. ஃபைபர்காரர் மாட்டிய பெட்டியிலும் வைஃபை இருக்கிறது. அதன் பின்னால் நம் மைக்ரோடிக் இருக்கிறது. கணினி பழைய வைஃபை பெயரை நினைவில் வைத்துக்கொண்டு நேராக அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டால், அது நம் ரவுட்டரின் வழியாக வரவே இல்லை. அந்தப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

இவை மூன்றும் அடைபட்டால் சின்னம் சிவப்பாகும், அப்லோட் 20-ல் நிற்கும், இன்னொரு லேப்டாப்பில் ஓடும் பிங் பழையபடி 15, 20 மில்லிநொடிக்குத் திரும்பும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வேகம் குறைந்ததா என்பதைவிட, மற்றவர்களின் பிங் இறங்கியதா என்பதைப் பாருங்கள். வேகம் 20-ல் நின்றும் பிங் இறங்கவில்லை என்றால் வேறொரு கருவியும் சேர்ந்து தின்கிறது, அல்லது லைன் நீங்கள் அளந்ததைவிட மெலிந்திருக்கிறது.

கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சங்கடம் மிஞ்சும். அப்லோட் ஓடும்போது அதே கணினியிலிருந்து அவர் வாடிக்கையாளரோடு வீடியோ காலில் பேசினால், இப்போது அந்த 20-க்குள்ளேயே இரண்டும் மோதும். வீட்டுக்காரர்களைக் காப்பாற்றிய வரம்பு அவரைக் காப்பாற்றாது. இங்கேதான் எஃப்க்யூ-கோடெல். ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து மாற்றி மாற்றி அனுப்பும். மைக்ரோடிக்கின் ஏழாம் பதிப்பு மென்பொருளில் அது இருக்கிறது:

```
/queue type add name=fq kind=fq-codel
/queue simple set studio-pc queue=fq/fq
```

வரம்பு என்பது ஒரு குருட்டு ஏற்பாடு. வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டாலும் 20-ஐத் தாண்ட விடாது. மீதி 16 சும்மா கிடக்கும். இதற்கு நேரக் கட்டுப்பாடு உதவும். காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை மட்டும் வரம்பு இருக்கட்டும் என்று சொல்லலாம்:

```
/queue simple
set studio-pc time=6h-23h,sun,mon,tue,wed,thu,fri,sat
```

இரவில் 36-ல் ஏழு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 113 ஜிபி போய்விடும், இரண்டு கல்யாணத்துக்குக் கிட்டத்தட்ட. ஆனால் இந்தச் சின்ன ரவுட்டர்களில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் நேரத்தை இணையத்திலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். என்டிபி வசதி இயங்குகிறதா, நேர மண்டலம் `Asia/Kolkata` என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வரம்பு தவறான நேரத்தில் விழுந்து தவறான நேரத்தில் விலகும்.

குறிப்பிட்ட ஒரு கருவிதான் குற்றவாளி என்று தெரிந்த வீட்டுக்கே இந்த முறை. இன்று அண்ணனின் கேம் அப்டேட், நாளை அக்காவின் போன் பேக்கப், மறுநாள் விருந்தாளியின் லேப்டாப் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தால், ஒவ்வொருவருக்கும் எண் போட்டு மாளாது. அங்கே கேக் என்ற வரிசை முறை நல்லது. ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கிறது. லைனின் மொத்த வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து ஒரே எண்ணைக் கொடுத்து, அப்லோட் பக்கம் `nat dual-srchost`, டவுன்லோட் பக்கம் `nat dual-dsthost` என்று சேர்த்தால், நெரிசல் வரும்போது கருவிக்கு ஒரு பங்கு என்று சமமாகப் பிரிக்கும். ஒருவர் ஐம்பது இணைப்பைத் திறந்தாலும் அவருக்கு ஒரே பங்குதான். மற்றவர்கள் கேட்காதபோது முழுவதையும் ஒருவரே எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் கையால் வரம்பு எதற்கு என்று கேட்கலாம். கேக்குக்கு நல்ல பிராசஸர் வேண்டும், வீட்டின் மொத்தப் போக்குவரத்தும் அதன் வழியே போக வேண்டும். நம் ஏற்பாட்டில் ஒரு கணினி மட்டும் மெதுவான பாதையில் போகிறது, மற்ற எல்லாரும் FastTrack-ல் பறக்கிறார்கள். பழைய, சின்ன ரவுட்டர் வைத்திருப்பவருக்கு அதுவே லாபம்.

மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து 5ஜி வழியாக நெட் வாங்குகிறவர்களுக்கு இரண்டுமே முழுசாகப் பொருந்தாது. அங்கே அப்லோட் காலையில் 30, இரவில் 9 என்று டவரின் கூட்டத்தைப் பொறுத்து மாறும். 20 என்ற வரம்பு, லைன் 9-க்கு இறங்கிய இரவில் இருந்தும் இல்லாதது போல. அப்படிப்பட்ட வீட்டில் எண்ணை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, 4 அல்லது 5 என்று வைத்து, அப்லோடை விடிய விடிய ஓட விடுவதுதான் ஓரளவு நிம்மதி.

வேலை முடிந்ததும் அந்த வரியின் மேல் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். `comment` என்று ஒரு இடம் அதற்கென்றே இருக்கிறது. எதற்காக, எந்த பிளானில், எந்த மாதம் போட்டது என்று எழுதினால் போதும். பிளானை 200-க்கு மாற்றும் நாளில் இந்த 20 எவருக்கும் நினைவிருக்காது. மற்ற கருவிகளில் 200 காட்டும், மாடிக் கணினியில் மட்டும் 20 காட்டும். ஃபைபர்காரர் இரண்டு முறை வந்து கேபிளை மாற்றிவிட்டுப் போவார். அளவு புதிதாக எடுத்து, வரியை இப்படி மாற்றினால் தீர்ந்தது:

```
/queue simple set studio-pc max-limit=150M/150M
```